போஸ்ட்மேனை அரெஸ்ட் பண்ணின வக்கீல்

கேள்வி: நாவல்ல சில வரிகளை எழுத்தாளர் சொல்றாரா, கேரக்டர் நினைக்குதான்னே புரியல சார். கோவம் வந்தா நான் யாரைத் திட்டுறது? (வாசகி, திருச்சி)

பதில்: திட்டுங்கம்மா, ஆனா ஆள் பார்த்துத் திட்டுங்க. 1857-ல பாரிஸ்ல பினார்னு ஒரு அரசாங்க வக்கீல் ஆள் பார்க்காமத் திட்டித்தான் இன்னிக்கு வரைக்கும் பேர் கெட்டுக் கிடக்குறாரு. ஃப்ளோபேர் எழுதின 'மதாம் பொவாரி' நாவல் மேல கேஸ். எம்மான்னு ஒரு டாக்டர் பொண்டாட்டி, வேற ஒருத்தனோட குதிரையில காட்டுக்குப் போயிட்டு வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னாடி நிக்கிறா. "எனக்கு ஒரு காதலன் இருக்கான்! காதலன்!"னு திரும்பத் திரும்பச் சொல்லிக்கிறா. இதுல குழப்பமே இல்ல, மேற்கோள் குறி இருக்கு. அடுத்த வரிதான் வில்லங்கம். ஆக, இத்தனை நாள் கிடைக்கவே கிடைக்காதுன்னு விட்டுட்ட அந்தக் காதல் சுகமெல்லாம் கடைசியில அவளுக்குக் கிடைக்கப் போகுதுன்னு வருது, மேற்கோள் குறியும் இல்ல, 'என்று நினைத்தாள்'னும் இல்ல. பினார் இதைப் படிச்சிட்டு, பாருங்க, கள்ளக்காதலுக்குப் பாட்டே பாடுறாங்கன்னு கோர்ட்ல குதிச்சாரு. அனுப்புநர் அட்ரஸ் இல்லாத லெட்டர்னு போஸ்ட்மேனைப் பிடிச்சு உள்ள வைக்கப் பார்த்த கதை.

இந்த வித்தையெல்லாம் நமக்குப் புதுசு இல்ல. "அவருக்குக் காபி வேணுமாம், அதுவும் புது டிகாஷன்ல வேணுமாம்"னு எங்க வீட்டம்மா சமையக்கட்டுல பாத்திரத்துக்கிட்ட சொல்றது ஹால்ல எனக்குக் கேக்கும். வார்த்தை என்னோடது, கடுப்பு அவங்களோடது, ரெண்டும் ஒரே வாக்கியத்துல. (அன்னிக்கு நான் புது டிகாஷன் கேக்கவே இல்லங்கிறதையும் இங்க பதிவு பண்ணிக்கிறேன், பழைய டிகாஷனே போதும்னுதான் சொன்னேன், யாரும் நம்பல.) அந்த 'ஆம்'ங்கிற வால் இருக்கிறதால யார் பேச்சுன்னு தெரிஞ்சிடுது. நாவல்காரன் அந்த வாலை வெட்டிடுறான், அவ்வளவுதான். ஸ்கூல்ல நேர்கூற்று அயற்கூற்றுன்னு மாத்தி மாத்தி எழுத வச்சாங்களே, அந்த ரெண்டுலயும் சேராம நடுவுல நிக்கிற சரக்கு இது.

கண்டுபிடிக்க நான் பண்றது ஒண்ணுதான். 'அவன்', 'அவள்' இருக்கிற இடத்துல 'நான்' போட்டு வாய்விட்டுப் படிப்பேன். "கணேசன் ஸ்டாப்புக்கு வந்தான். பஸ் போய்விட்டிருந்தது. போகாமல் என்ன செய்யும், அவன் வந்தால்தான் போய்விடுமே." கடைசி வரியில 'நான் வந்தாத்தான் போயிடுமே'ன்னு மாத்துங்க, கணேசன் முனகுறது அப்படியே காதுல விழும். முதல் வரியை மாத்தினா வெறும் தகவல், அதுல எரிச்சலும் இல்ல, முனகலும் இல்ல. எம்மா வரியிலயும் அந்த 'ஆக'வும் 'கடைசியில'யும்தான் காட்டிக் கொடுக்குது, கதை சொல்ற ஆளுக்கு எதுக்கு அந்தப் பெருமூச்சு?

ஆனா அந்த வரிக்கு ஒரே ஒரு வரி முன்னாடி பாருங்க, அவ அந்த நினைப்புல சொக்கிப் போறது மறுபடியும் வயசுக்கு வந்த மாதிரி இருந்துச்சுன்னு ஒரு உவமை வருது. அங்க 'நான்' போட்டுப் பாருங்க, ஒட்டாது. தன்னைப் பத்தி எந்தப் பொண்ணும் அப்படிச் சொல்லிக்க மாட்டா, அது ஃப்ளோபேர் ஓரமா நின்னு சிரிக்கிற சிரிப்பு. கொஞ்சம் தள்ளி, நீலமா ஒரு பெருவெளி அவளைச் சூழ்ந்துச்சுன்னு வருதே, அது யாரோடதுன்னு எனக்கு முப்பது வருஷமா தெரியல. இவ படிச்ச மட்டமான நாவல் வாசமும் அடிக்குது, எழுதினவன் கை நயமும் தெரியுது. அந்த மாதிரி இடத்துல தீர்ப்பு சொல்லாம விட்டுடணும்.

கோர்ட்டு என்னமோ ஃப்ளோபேருக்கு நாலு புத்திமதி சொல்லி விடுதலை பண்ணிடுச்சு. பினார் சும்மா இருப்பாரா, அதே வருஷம் ஆகஸ்ட்ல போத்லேர்ங்கிற கவிஞர் மேல பாய்ஞ்சு அபராதம் வாங்கிக் கொடுத்து ஆறு கவிதையைத் தடையே பண்ண வச்சாரு. இந்த நடைக்கு ஃபிரெஞ்சுல ஒரு பேரு வச்சதே 1912-ல, ஜெனிவாக்கார மொழியியலாளர் ஷார்ல் பாயி. ஃப்ளோபேர் பண்ணின குத்தத்துக்குப் பேர் கிடைக்கவே 55 வருஷம் ஆகியிருக்கு.

பினாரையாவது மன்னிச்சிடலாம், நம்ம மொழிபெயர்ப்பாளர்களை என்ன பண்றது? இப்படி வரி வந்தாலே வாசகன் தடுமாறிடுவானேன்னு பாவப்பட்டு 'என்று அவள் எண்ணிக்கொண்டாள்'னு ஒட்டுப் போட்டுடுறாங்க, வெட்டின வாலைத் தேடி எடுத்துட்டு வந்து தைக்கிற வேலை. நண்பர் ஒருத்தர் அனுப்பின ஒரே அத்தியாயத்துல நான் பதினொரு 'எண்ணிக்கொண்டாள்'களை அடிச்சேன். ரெண்டு வருஷம் பேசல. அப்புறம் ஒரு கல்யாணப் பந்தியில பக்கத்து இலைக்கு வந்து உக்கார்ந்தாரு. இவனெல்லாம் ஒரு எடிட்டர், இவனுக்கு ரெண்டாவது அப்பளம் வேறயா!

மேல இருக்கிற கடைசி வரி யாரோடதுன்னு கண்டுபிடிச்சிட்டு, யாரைத் திட்டணுமோ திட்டிக்கோங்க.