நாவலில் வெற்றுப் பக்கம் வந்தால் என்ன செய்வது?

“நடுவில் வெறும் பக்கம், துண்டு துண்டான அத்தியாயங்கள். எதையோ தவறவிட்ட மாதிரி எரிச்சலாக இருக்கிறது. எப்படிப் படிப்பது?”

முதலில் அது அச்சுப்பிழையா என்று பாருங்கள். பக்க எண்ணும் அத்தியாயத் தலைப்பும் வரிசையாக ஓடினால் பெரும்பாலும் ஆசிரியர் வேண்டுமென்றே விட்டதுதான். எண்களே தாவினால் பிரதியில் குறை. மின்நூலில் வெற்றிடம் சுருங்கிக் காணாமலே போகலாம். இந்த வகைக்கு அச்சுநூலே நல்லது.

லாரன்ஸ் ஸ்டெர்னின் ஆங்கில நாவலான ‘டிரிஸ்ட்ராம் ஷான்டி’யை எடுத்துக்கொள்ளுங்கள். 1767-இல் வந்த ஒன்பதாம் பாகத்தில் 18, 19 அத்தியாயங்களுக்குத் தலைப்பு மட்டும்தான், கீழே வெறுமை. கதைசொல்லியின் சித்தப்பா டோபி, விதவை வாட்மனைப் பார்க்கப் போகும் கட்டம் அது. 20-இல் பேச்சு பாதியிலிருந்து தொடங்கும். விட்டுப்போன இரண்டும் 25-க்குப் பிறகுதான் வருகின்றன.

பலர் இங்கே பின்பக்கம் புரட்டி விடையைத் தேடிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் வேடிக்கையே போய்விடும். உள்ளே என்ன நடந்திருக்கும் என்று ஒரே வரியில் பென்சிலால் அந்த வெற்றிடத்திலேயே எழுதிவிட்டு நகருங்கள். 25 தாண்டியதும் ஒப்பிடுங்கள். உங்கள் ஊகம் தவறியிருந்தால், ஸ்டெர்ன் விரித்த வலை அதுதான்.

வெறும் பொருள்களின் பட்டியலாகவே வரும் அத்தியாயத்துக்கு வேறு வழி: ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். வரிசையோடு ஒட்டாத பொருள் காதில் இடறும். பெரும்பாலும் கதை அங்கேதான் ஒளிந்திருக்கும்.