கல்யாண மாதத்தில் டவர் கார்டு: தேதியைத் தள்ளி வைக்க வேண்டுமா?

கேள்வி

எனக்கு வயது 28. கோவையில் வேலை பார்க்கிறேன். அவர் சென்னையில் இருக்கிறார். மூன்று வருடப் பழக்கம். இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கி, ஜாதகமும் பொருந்தி, ஜனவரி கடைசியில் கல்யாணம் என்று பேசியிருக்கிறோம்.

ஜூலையில் தோழி ஒருத்தி, படக் கார்டுகளை எடுத்துப் பலன் சொல்லும் டாரட் பார்க்க அழைத்துப் போனாள். எங்கள் இருவருக்கும் சேர்த்து, மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கார்டு எடுத்தேன். செப்டம்பருக்கு ஃபைவ் ஆஃப் பென்டக்கிள்ஸ், நவம்பருக்கு த்ரீ ஆஃப் ஸ்வார்ட்ஸ், கல்யாணம் நடக்கும் ஜனவரிக்கு டவர், மார்ச்சுக்கு குயீன் ஆஃப் ஸ்வார்ட்ஸ். அந்த குயீன் என் மாமியார்தான், அவரால் பிரச்சினை வரும் என்றார் கார்டு பார்த்தவர். ஏப்ரலுக்கு மேல் தேதியை மாற்றுங்கள், இல்லையென்றால் ஒரு பரிகார ரீடிங் செய்துகொள்ளுங்கள் என்றும் சொன்னார். கடைசியில் ஜூனுக்கு டென் ஆஃப் கப்ஸ் வந்தது. ஆனால் அதுவரை நாங்கள் சேர்ந்திருப்போமா?

அதற்குப் பிறகு மொபைலில் இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். வேறு கார்டுகள் வந்தன, ஆனாலும் அந்த டவர் மனதை விட்டுப் போகவில்லை. மாமியார் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. "உனக்குக் கல்யாணத்தில் இஷ்டம் இல்லையா?" என்று கேட்டுவிட்டு, அவரும் சரியாகப் பேசுவதில்லை. மாதக் கடைசிக்குள் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டும். என்ன செய்வது?

பதில்

டவர் கார்டு வந்ததற்காகத் தேதியை மாற்ற வேண்டாம். தேதியை மாற்ற வேறு காரணம் ஏதாவது இருக்கலாம். அப்படி ஒன்று இருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க இதே பன்னிரண்டு கார்டுகளைப் பயன்படுத்தலாம். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில், அந்த மேசையில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

டாரட் கட்டில் 78 கார்டுகள். பார்த்ததும் வயிற்றைப் பிசையும் கார்டுகள் என்று எட்டைச் சொல்லலாம்: டெத், டெவில், டவர், வாள் வரிசையில் மூன்று, ஒன்பது, பத்து, கப்ஸில் ஐந்து, பென்டக்கிள்ஸில் ஐந்து. 78-இலிருந்து பன்னிரண்டை எடுத்தால், இந்த எட்டில் ஒன்றாவது வந்துவிட நான்கில் மூன்று வாய்ப்பு இருக்கிறது. இது சாதாரணக் கணக்கு. அதாவது கல்யாணம் நிச்சயமான நூறு ஜோடிகள் இப்படி மாதத்துக்கு ஒன்றாகக் கார்டு வைக்கும் ஸ்ப்ரெட்டைப் போட்டால், ஏறக்குறைய எழுபத்தைந்து ஜோடிகள் ஏதோ ஒரு மாதத்தைப் பார்த்துப் பயப்படுவார்கள். கல்யாண கார்டுகள் என்று சொல்லப்படும் லவர்ஸ், டூ ஆஃப் கப்ஸ், ஃபோர் ஆஃப் வாண்ட்ஸ், டென் ஆஃப் கப்ஸ் ஆகிய நான்கில் ஒன்றுகூட வராமல் போக ஏறக்குறைய பாதி வாய்ப்பு. உங்களுக்கு ஒன்று வந்திருக்கிறது. அதை ஒரே வரியில் எழுதி, உடனே சந்தேகமும் பட்டுவிட்டீர்கள். மற்ற ஏழு மாதங்களுக்கு என்ன வந்தது என்று நீங்கள் எழுதவே இல்லை. பயந்த மனம் அப்படித்தான் பொறுக்கும். டவரை நம்பிய அதே உறுதியோடு டென் ஆஃப் கப்ஸை நம்ப அதற்கு வராது.

படங்களுக்கும் இதில் பங்கு உண்டு. இன்று அதிகம் புழங்கும் கட்டு 1909-இல் லண்டனில் வெளியானது. படங்களை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். பெரும்பாலான பழைய கட்டுகளில் வாள் மூன்று என்றால் மூன்று வாள்கள் மட்டும் இருக்கும். இவரோ ஓர் இதயத்தில் மூன்று வாள்களைப் பாய்ச்சி, பின்னால் மழையும் மேகமும் வரைந்தார். டவரில் இடி விழுகிறது, இருவர் தலைகீழாக விழுகிறார்கள். தன் கல்யாண மாதத்தின் மேல் அந்தப் படம் கிடந்தால் யாருக்கும் நடுக்கம் வரும். நடுங்கியதில் உங்கள் பலவீனம் எதுவும் இல்லை.

ஆனால் டவருக்குச் சொல்லப்படும் பொருள் என்ன? இருந்த அமைப்பு கலைந்து பெரிய மாற்றம் வரும் என்பது. கல்யாணம் நடக்கும் மாதத்தில் யாருக்குத்தான் இது பொருந்தாது? வீடு மாறும், ஒருவேளை ஊரும் வேலையும் மாறும். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார். ஆளுக்கொரு குணவிளக்கத்தைத் தந்து, உங்களுக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் அவர் தந்தது ஒரே விளக்கம்தான். "ஜனவரியில் பெரிய மாற்றம்" என்ற வரி அப்படிப்பட்டது. அதில் பயத்தைக் கலந்தது ரீடிங் சொன்னவரின் குரல்.

எனக்கு ஜனவரியைவிட நவம்பர்தான் கவலை தருகிறது. நவம்பரில் மனம் உடையும் என்று நீங்கள் காத்துக்கொண்டிருப்பீர்கள். முகூர்த்தப் புடவை எடுக்கப் போன இடத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சின்னப் பேச்சு வரும். கல்யாண வேலை நடக்கும் எந்த வீட்டிலும் வருவதுதான். வேறு சமயமாக இருந்தால் சாயங்காலம் மறந்திருப்பீர்கள். இப்போது "இதுதான் அது" என்று உங்களுக்குத் தோன்றும். முகம் மாறும், ஃபோனை எடுக்க மாட்டீர்கள். ஏன் என்று தெரியாமல் அவர் கோபப்படுவார். இது உங்கள் வீட்டில் ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது. உங்களுக்கு இஷ்டம் இல்லையோ என்று அவர் கேட்டது எந்தக் கார்டாலும் இல்லை, உங்கள் ஒதுக்கத்தைப் பார்த்துத்தான்.

மாமியார் விஷயத்தில் எனக்கு வருத்தம் அதிகம். கட்டில் ராஜா, ராணி, நைட், பேஜ் என்று பதினாறு ஆள் கார்டுகள் உண்டு. பன்னிரண்டு கார்டு எடுத்தால் இவற்றில் ஒன்றாவது வர நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாய்ப்பு. ஆகவே குற்றம் சாட்ட ஓர் ஆள் கிடைப்பது ஏறக்குறைய நிச்சயம். குயீன் ஆஃப் ஸ்வார்ட்ஸை வாசிப்பவர்கள் பொதுவாக எப்படிச் சொல்கிறார்கள்? துக்கத்தைக் கண்ட பெண், மழுப்பாமல் நேராகப் பேசுபவள் என்று. அது உங்கள் அம்மாவாகவும் இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம். இன்னும் ஒரே வீட்டில் ஒரு நாள்கூட வாழாத ஒருவரைப் பெயர் சுட்டிச் சொல்லும் உரிமை கார்டு பார்த்தவருக்கு இல்லை. இதை அவரிடம் "கார்டில் உங்கள் அம்மா வந்தார்" என்று சொல்லாதீர்கள். அவர் அம்மா சொன்னதோ செய்ததோ ஏதாவது ஒன்று உங்களை உண்மையிலேயே உறுத்தினால், அந்த ஒரு சம்பவத்தை மட்டும் சொல்லுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் இந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை.

சரி, இனி இந்தப் பன்னிரண்டு கார்டுகளை என்ன செய்வது?

இதே ஸ்ப்ரெட்டை இருவரும் சேர்ந்து பேசுவதற்கு வைத்துக்கொள்ளலாம். என்னிடம் வந்த ஒரு ஜோடியோடு அப்படிச் செய்தேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். அவர்களுக்கும் கல்யாணத்தை ஒட்டிய மாதத்தில் டவர் விழுந்திருந்தது. கார்டுகளை மாத வரிசையில் வைத்து, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டு வரி எழுதச் சொன்னேன். படத்தில் உனக்கு முதலில் தெரிவது என்ன? அந்த மாதத்தில் நம் வாழ்க்கையில் எது நினைவுக்கு வருகிறது? கார்டின் "அர்த்தம்" பார்க்கக் கூடாது, புத்தகத்தைத் திறக்கக் கூடாது.

முதல் சில மாதங்களில் பெரிதாக எதுவும் இல்லை. டவருக்கு அந்தப் பெண், "என் வேலை போகிறது" என்று எழுதியிருந்தார். அந்தப் பையன், "அப்பா கட்டிய மாடி வீடு" என்று எழுதியிருந்தார். பேசப் பேசத் தெரிந்தது: கல்யாணத்துக்குப் பிறகு மாடியில்தான் இருப்போம் என்று அவர் பெற்றோருக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஊரிலிருந்து அவளால் வேலைக்குப் போய்வர முடியாது. கல்யாணத்தை இவ்வளவு நெருங்கியும் இருவரும் இதை வாய் திறந்து பேசியிருக்கவில்லை. எந்தக் கார்டு விழுந்திருந்தாலும் அந்த மாதத்தில் இந்த விஷயம்தான் வெளியே வந்திருக்கும், ஏனென்றால் அது இருவர் மனதிலும் இருந்தது. அன்று மாலை அழுகை, கோபம் எல்லாம் இருந்தது. பிறகு முதல் ஒரு வருடம் வாடகை வீடு என்று முடிவு செய்து, அதைப் பெற்றோரிடம் அவரே போய்ச் சொன்னார். தேதியை மாற்றவில்லை.

உங்களில் ஒருவர் கோவை, ஒருவர் சென்னை. கல்யாணத்துக்குப் பிறகு யார் எங்கே என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஜனவரிக்கு நீங்கள் இருவரும் என்ன எழுதுகிறீர்கள் என்று பார்க்க எனக்கு ஆவல். செப்டம்பரின் ஃபைவ் ஆஃப் பென்டக்கிள்ஸும் அப்படித்தான். பனியில் இரண்டு ஏழைகள் விளக்கெரியும் ஜன்னலைக் கடந்து நடக்கும் படம் அது. கல்யாணச் செலவை யார் எவ்வளவு ஏற்பது, யாருக்குக் கடன் இருக்கிறது என்ற பேச்சை அதன் மேல் தொடங்கிவிடலாம்.

அட்வான்ஸ் கட்டுவதற்கு முந்தைய வார இறுதியில், நேரில் உட்கார்ந்து செய்யுங்கள். ஃபோனில் வேண்டாம். எல்லா மாதங்களையும் பேசத் தேவையில்லை, இருவர் எழுதியதும் வெகுவாக மாறுபடும் மூன்று மாதங்கள் போதும். யார் சொல்வது சரி என்று கார்டைக் கேட்காதீர்கள். அந்தப் பேச்சில் மறைத்த கடனோ, விருப்பமில்லாத சம்மதமோ, வேலையை விட வேண்டும் என்ற கட்டாயமோ வெளியே வந்தால், அது தேதியைத் தள்ளி வைக்கத் தகுந்த காரணம். அப்போது தாராளமாகத் தள்ளி வையுங்கள். அப்படி எதுவும் வராவிட்டால் அட்வான்ஸ் கட்டுங்கள்.

பரிகார ரீடிங்குக்குப் பணம் கொடுக்காதீர்கள். பயத்தைக் கிளப்பியவரே அதைத் தீர்க்கக் கட்டணம் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.

மொபைலில் திரும்பத் திரும்ப எடுப்பதையும் நிறுத்துங்கள். ஒரு மாதத்துக்கு அதே கார்டு மறுபடி வர 78-இல் ஒரு வாய்ப்புத்தான். ஆகவே ஒவ்வொரு தடவையும் வேறு வருடம் ஒன்று வரும், அதில் எது மோசமோ அது மனதில் தங்கும். எடுத்தவுடன் கிடைக்கும் நிம்மதி கொஞ்ச நேரத்தில் கரைந்து, இன்னொரு முறை எடுக்கத் தோன்றும். ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். முயன்றும் நிறுத்த முடியவில்லை, அல்லது தூக்கமும் சாப்பாடும் கெடுகிறது என்றால், அது கல்யாணத்தைப் பற்றிய கேள்வி அல்ல, பதற்றத்துக்குச் சிகிச்சை தேவை என்று அர்த்தம். கோவையிலேயே ஓர் உளவியல் ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ நேரில் பாருங்கள். முடிந்தால் முதல் சந்திப்புக்கு அவரையும் அழைத்துப் போங்கள்.