எலக்ட்ரிக் கார் வாங்கி ஆறு வருஷம் ஆச்சு, முன்ன மாதிரி தூரம் போகல. பேட்டரி பழசானா கிலோமீட்டருக்கு ஆகும் செலவும் கூடுமா?

வீட்டில் மட்டும் சார்ஜ் போட்டால் கரண்ட் செலவு பெரிதாகக் கூடாது. பேட்டரி தேயும்போது குறைவது அது பிடித்துவைக்கும் யூனிட்தான். ஒரு யூனிட்டுக்கு ஓடும் தூரம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். செல்களின் உள் மின்தடை ஏறுவதால் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகி வீணாகும், அவ்வளவுதான். செலவு ஏறுவது வேறு இரண்டு வழிகளில்.

முதல் வழி, வெளியில் போடும் சார்ஜ். 30 யூனிட் பேட்டரி உள்ள காரை எடுத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் கிலோமீட்டருக்கு 0.16 யூனிட் என்றால் புதிதில் சுமார் 187 கி.மீ. ஓடும். சென்னையிலிருந்து ஈசிஆரில் புதுச்சேரி சுமார் 150 கி.மீ.; வீட்டில் முழுசாக ஏற்றிக்கொண்டு கிளம்பினால் 20 சதவீதம் மிச்சத்தோடு போய்ச் சேரலாம். பேட்டரி 80 சதவீதமாகத் தேய்ந்தபின் கையில் இருப்பது 24 யூனிட், அதாவது சரியாக 150 கி.மீ. யாரும் பூஜ்யம் வரை ஓட்டமாட்டார்கள், ஆகவே வழியில் நிறுத்தியே ஆக வேண்டும். வீட்டில் யூனிட் 8 ரூபாய், வேக சார்ஜரில் 22 ரூபாய் என்று வைத்தால், சார்ஜிங் இழப்பையும் சேர்த்து வீட்டுக் கிலோமீட்டர் சுமார் 1.45 ரூபாய், வெளிக் கிலோமீட்டர் சுமார் 3.70. மொத்த ஓட்டத்தில் வெளிச் சார்ஜின் பங்கு 10 சதவீதத்திலிருந்து 30 ஆனால், சராசரி 1.68 ரூபாயிலிருந்து 2.13க்குப் போகிறது. பேட்டரி இழந்தது ஐந்தில் ஒரு பங்கு, செலவு கூடியது நாலில் ஒரு பங்குக்கும் மேல். டவுனுக்குள் மட்டும் ஓடும் காருக்கு இந்தக் கணக்கே கிடையாது.

இரண்டாவது வழிதான் பெரிது: பேட்டரியின் விலையை ஓடிய கிலோமீட்டரால் வகுப்பது. மாற்ற 6 லட்சம் ஆகும், எட்டு வருஷத்தில் மாற்ற வேண்டிவரும் என்று வைப்போம். வருஷம் 20,000 கி.மீ. ஓடினால் கிலோமீட்டருக்கு 3.75 ரூபாய். 10,000 மட்டும் ஓடினால் 7.50. பேட்டரியை மாற்றாமல் காரை விற்றாலும், வாங்குபவர் இதே தொகையில் ஒரு பங்கை விலையில் கழித்துவிடுவார்.

'குறைவாக ஓட்டினால் பேட்டரி அதிக வருஷம் வருமே' என்று கேட்கலாம். ஓரளவுக்குத்தான். செல்லுக்குள் கிராஃபைட் மேல் படியும் மெல்லிய படலம், வண்டி நின்றிருந்தாலும் லித்தியத்தைத் தின்றுகொண்டே வளரும். முதல் ஓரிரு வருஷத்தில் வேகமாக, பிறகு மெதுவாக. வெயிலும் முழுச் சார்ஜும் அதை முடுக்கிவிடும். பேட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லாத முதல் தலைமுறை நிஸான் லீஃப் கார்கள், அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் 2012-லேயே கொள்ளளவை இழக்கத் தொடங்கியது இதனால்தான். நம் ஊரில் 100 சதவீதம் ஏற்றி ஒரு வாரம் மொட்டை வெயிலில் நிறுத்துவது, அந்த வாரம் முழுக்க ஓட்டுவதைவிடக் கெடுதலாக முடியலாம். நிறுத்திவைப்பதானால் 50 சதவீதம் அளவில் நிழலில் விடுங்கள்.

எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று டாஷ்போர்டு காட்டும் தூரத்தை வைத்துச் சொல்லாதீர்கள். அது சமீபத்தில் நீங்கள் ஓட்டிய விதத்தை வைத்துப் போடும் ஊகம். 100 சதவீதம் ஏற்றி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, 20 சதவீதம் வரை ஒரே நாளில் ஓட்டுங்கள். 128 கி.மீ. ஓடி, திரையில் சராசரி 150 Wh/km, அதாவது கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் என்று வந்தால் செலவானது 19.2 யூனிட். அது 80 சதவீதத்துக்கு. அப்படியானால் முழுசுக்கு 24 யூனிட். 30-இல் 24 என்றால் ஆரோக்கியம் 80 சதவீதம். ஒரே தடவை பார்த்து முடிவு கட்டாமல் இரண்டு மூன்று முறை பாருங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரே ஒரு பலவீனமான செல்லின் வோல்டேஜ் கீழ் எல்லையைத் தொட்டதும் மொத்த பேட்டரியும் நின்றுவிடும். சார்ஜ் 25 சதவீதத்திலிருந்து திடீரென 10-க்குக் குதித்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். காரின் உள் தகவல்களைப் படித்துக் காட்டும் ஓபிடி கருவியை மாட்டி, சார்ஜ் குறைவாக இருக்கும்போது மிக உயர்ந்த செல்லுக்கும் மிகத் தாழ்ந்த செல்லுக்கும் உள்ள வோல்ட் வித்தியாசத்தைப் பாருங்கள். எல்லா செல்லும் ஒன்றாக இறங்கினால் வயசு. ஒன்று மட்டும் தனியாகத் தொங்கினால் கோளாறு. அந்த செல் இருக்கும் தொகுதியான மாட்யூலை மட்டும் மாற்றினாலே போதுமா என்று கேட்டுப் பார்க்கலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையான எல்எஃப்பி பேட்டரியில், சார்ஜ் நடு அளவில் இருக்கும்போது வோல்டேஜ் பெரிதாக மாறாமல் தட்டையாக இருப்பதால் காரின் கணிப்பே தவறியிருக்கவும் கூடும். அதற்கு, தயாரிப்பாளர் சொன்னபடி அவ்வப்போது 100 சதவீதம் வரை ஏற்றினால் சரியாகிவிடும்.

பல நிறுவனங்கள் 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வரை பேட்டரிக்கு வாரண்டி தருகின்றன. கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் அது செல்லும் என்பது பரவலான நிபந்தனை. உங்களுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கலாம். மேலே சொன்ன அளவை இப்போதே எடுத்து, தேதியோடும் ஓடோமீட்டர் படத்தோடும் குறித்துவையுங்கள், பிறகு சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கையை எழுத்தில் கேளுங்கள்.