மீதி 0.00, ஆனால் பில் இன்னும் பாக்கி: கேள்வி பதில்

பில்லிங் மென்பொருள் எழுதுவதும், மற்றவர்கள் எழுதியதைத் திறந்து பார்ப்பதும்தான் பல வருடமாக என் வேலை. எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

அக்கா, கஸ்டமர் 1474.23 ரூபாயை முழுசா கட்டிட்டார். திரையில மீதி 0.00. ஆனா பில் `Unpaid`-லயே நிக்குது, தினமும் நினைவூட்டல் வேற போகுது. கோடுல `if balance == 0` தான் இருக்கு.

திரையை நம்பாதீர்கள். அது பைசாவோடு நிறுத்திக் காட்டுகிறது. உங்கள் `if` பார்ப்பதோ நிறுத்தாத முழு எண்ணை. முதலில் அந்த எண்ணைப் பாருங்கள்:

```python
print(repr(balance))
```

`4.4e-16` போல வந்தால் அது கணினி பின்னங்களை இரும எண்ணில் வைப்பதால் வரும் தூசி. `0.003` போல வந்தால் அது தூசி இல்லை, நாம் போட்ட கணக்கே அப்படி. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

பார்த்தேன் அக்கா, 0.003 பக்கம் ஏதோ வருது. சரக்கு மதிப்பு 1249.35, வரி 9+9.

நினைத்தேன். 1249.35-க்கு 9 சதவீதம் 112.4415. மத்திய வரி, மாநில வரி இரண்டும் சேர்ந்து 224.883. ஆக மொத்தம் 1474.233. பில்லில் அச்சானது 1474.23, அவர் கட்டியதும் அதுதான். உங்கள் மென்பொருள் மட்டும் பைசாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான தொகைக்காக அவரைத் துரத்திக்கொண்டிருக்கிறது. அந்தக் காசை யாராலும் கட்ட முடியாது.

வரியைக் கணக்கிட்ட அந்த இடத்திலேயே 112.44 என்று ரவுண்ட் செய்து, அதையே சேமியுங்கள். 1249.35 + 112.44 + 112.44 = 1474.23. பில்லில் அச்சாகும் எண்ணும் டேட்டாபேஸில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். காட்டும்போது மட்டும் ரவுண்ட் செய்கிற கோடு எங்கே இருந்தாலும் இந்த வியாதி வரும்.

இதுக்கு எதுக்கு இவ்வளவு? `abs(balance) < 0.001` போட்டா முடிஞ்சது. பத்து வருஷமா அப்படித்தான் ஓட்டுறேன்.

பாதி சரி. `1.1 + 2.2 - 3.3` கணக்கில் மிஞ்சுவது `4.440892098500626e-16`. அந்த மாதிரித் தூசியை உங்கள் கோடு பிடித்துவிடும். மேலே உள்ள 0.003-ஐப் பிடிக்காது. அதற்காக வரம்பை 0.01 ஆக்குவீர்கள். அப்புறம் `0.06 - 0.05` என்று போட்டுப் பாருங்கள்: `0.009999999999999995`. நிஜமாகவே ஒரு பைசா பாக்கி, ஆனால் உங்கள் கோடு அதை விழுங்கிவிடும். வரம்பு வைத்தே தீர வேண்டும் என்றால் அரைப் பைசா, அதாவது 0.005. அதுவும் பழைய பில்களைச் சரிசெய்யும் வரை போடும் கட்டுதான்.

சார், எனக்கும் 0.00 காட்டுது, ஆனா `Unpaid`.

முதல் பதில். `repr`. அப்புறம் பேசலாம். சார் இல்லை, அக்கா.

கோடெல்லாம் தெரியாது மேடம். எக்செல்ல `=IF(D2=0,"Paid","Due")` போட்டிருக்கேன். சில வரில மட்டும் தப்பா `Due` வருது.

`=IF(ROUND(D2,2)=0,"Paid","Due")` என்று மாற்றுங்கள். எக்செல் கொஞ்சம் கள்ளத்தனம் செய்யும். `=0.5-0.4-0.1` போட்டால் 0 காட்டும். `=1*(0.5-0.4-0.1)` போட்டால் `-2.78E-17`. கடைசியாகச் செய்யும் கழித்தலில் விடை பூஜ்யத்தை ஒட்டி வந்தால் அதுவே துடைத்துவிடுகிறது. வேறு கணக்கு மேலே வந்தால் துடைப்பதில்லை. சில வரியில் மட்டும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மைஎஸ்க்யூஎல்ல தொகையை `FLOAT`-ல வச்சிருக்கோம். சின்ன பில் சரியா இருக்கு, லட்சத்துக்கு மேல போனா ஒரு பைசா மாறுது.

உங்களுக்குத் தூசி இல்லை, காசே தொலைகிறது. நான்கு பைட் `FLOAT`-இல் 1,31,072-ஐத் தாண்டினால் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே 1/64 ரூபாய் இடைவெளி. ஒன்றரைப் பைசாவுக்கும் மேல். நடுவில் இருக்கும் பைசாவை அதில் வைக்கவே முடியாது. `DECIMAL(12,2)`-க்கு மாற்றுங்கள். ஆனால் மாற்றினால் போன பைசா திரும்பி வராது. பழைய தொகைகளை அச்சிட்ட பில்லிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஆறு மாசமா ஒரு கஸ்டமர் பணமே தரல. பில் `Unpaid`-னு வருது. என்ன செய்ய?

உங்கள் மென்பொருள் உண்மையைச் சொல்கிறது. நான் உதவ முடியாது, வக்கீலைப் பாருங்கள்.

பைத்தான்ல `Decimal`-க்கு மாறிட்டேன். அப்பவும் அதே கதை.

`Decimal(0.1)` என்று எழுதியிருப்பீர்கள். தூசியோடு சேர்த்து உள்ளே வந்துவிடும். `Decimal('0.1')` என்று மேற்கோளுக்குள் கொடுங்கள்.

அம்மா, நான் ஆடிட்டர், முப்பது வருட அனுபவம். ஜிஎஸ்டி சட்டம் 170-வது பிரிவு ரூபாய்க்கு ரவுண்ட் செய்யச் சொல்கிறது. பைசாவே இல்லாமல் பில் போட்டால் இந்தப் பேச்சே வராதே?

பிரிவு இருக்கிறது ஐயா. 50 பைசாவும் அதற்கு மேலும் என்றால் மேலே, குறைந்தால் கீழே. ஆனால் அது செலுத்த வேண்டிய வரியைப் பற்றியது, ஒவ்வொரு பில்லின் மொத்தத்தையும் அல்ல என்றுதான் நான் படிக்கிறேன். ரூபாய்க்கு ரவுண்ட் செய்வதில் தப்பில்லை. அந்த -0.23-ஐ `Round Off` என்று ஒரு வரியாகப் பில்லில் சேமிக்க வேண்டும். அச்சில் மட்டும் 1474 போட்டால் 23 பைசா பாக்கி நிற்கும், பழைய கதைதான்.

படிப்பது உங்கள் இஷ்டம், நோட்டீஸ் வருவது எங்களுக்கு. அதோடு வரியைத் தனித்தனியாக ரவுண்ட் செய்தால் மொத்தம் மாறுமே, அதைச் சொல்லவில்லையே?

மாறும், ஒப்புக்கொள்கிறேன். சரக்கு 1249.15 என்று வையுங்கள். ஒரு வரி 112.4235. தனித்தனியாக ரவுண்ட் செய்தால் மொத்தம் 1473.99. கடைசியில் ஒரே தடவை செய்தால் 1473.997, அதாவது 1474.00. ஒரு பைசா வித்தியாசம். பில்லில் இரண்டு வரியும் தனித்தனியாக அச்சாவதால், அச்சான எண்களைக் கூட்டினால் மொத்தம் வர வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் கட்சி வேறு என்றால் அப்படியே செய்யுங்கள், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி.

அவர் சொல்றதுதான் சரி. எங்க ஆபீஸ்ல ஒவ்வொரு பொருளுக்கும் ரவுண்ட் பண்ணி…

இதை இதோடு விடலாம். அடுத்த நான்கு கேள்விகளும் மறுபடி அதே 0.00. முதல் பதில்.

ஏற்கனவே மாட்டிக்கிட்டிருக்கிற பழைய பில்லை எல்லாம் எப்படி மொத்தமா மூடறது?

முதலில் நினைவூட்டல் அனுப்புவதை நிறுத்துங்கள். டேட்டாபேஸை ஒரு பிரதி எடுங்கள். பிறகு பார்க்க மட்டும்:

```sql
SELECT id, total, paid, total - paid AS balance
FROM invoices
WHERE status = 'Unpaid'
  AND ABS(total - paid) < 0.005;
```

பட்டியலில் பத்து பில்லையாவது அச்சுப் பிரதியோடு ஒப்பிட்ட பிறகுதான் `UPDATE`. நிறைய பொருள் உள்ள பில்லில் ரவுண்ட் செய்யாத வரிகள் கூடி 0.005-ஐத் தாண்டியிருக்கலாம். அவற்றைக் கையால் பாருங்கள். ஒருமுறை ஒரு வாடிக்கையாளரிடம் அவசரத்தில் `< 1` என்று ஓட்டிவிட்டேன். நிஜமாகவே 50, 60 பைசா பாக்கி வைத்திருந்த பில்களும் சேர்ந்து மூடிக்கொண்டன. பிரதி எடுத்திருந்ததால் அன்று ராத்திரி ஒன்பது மணிக்குள் வீட்டுக்குப் போக முடிந்தது.