எல்லார் போனிலும் நாலு கோடு, என் போனில் ஒன்று

கேள்வி: வீட்டில் மனைவி, மகன், நான் மூவருக்கும் ஒரே கம்பெனி சிம்தான். அவர்கள் போனில் மூன்று நாலு கோடு நிற்கிறது. என் போனில் ஒன்றுதான், சமயத்தில் அதுவும் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே கட் ஆகிறது. இரண்டு மாதம் முன்பு டிஸ்ப்ளே உடைந்து மாற்றினேன். கடைக்காரர் சிம்மை மாற்றச் சொல்கிறார், மகன் போனையே மாற்றச் சொல்கிறான். எதைச் செய்வது?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். சிக்னல் குறைய ஆரம்பித்தது டிஸ்ப்ளே மாற்றிய பிறகா, முன்பா என்று முதலில் யோசித்துப் பாருங்கள். எனக்குச் சந்தேகம் அங்கேதான்.

கோடுகளை நம்பாதீர்கள். எத்தனைக்கு எத்தனை கோடு என்பது போன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆண்ட்ராய்டு போனில் Settings, About phone, SIM status என்று போனால் Signal strength என்ற இடத்தில் -95 dBm போல ஓர் எண் இருக்கும் (சில மாடல்களில் இன்னும் ஒரு படி உள்ளே). 4ஜியில் -90 அருகே இருந்தால் நல்ல சிக்னல். -110ஐத் தாண்டிக் கீழே போனால் திண்டாட்டம். இந்த எண் 10 குறைந்தால், அதாவது -90 என்பது -100 ஆனால், வந்து சேரும் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு.

சென்ற வருடம் என் மைத்துனர் போனிலும் இதே கதை. இரண்டு போனையும் மொட்டை மாடிச் சுவர்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம், இரண்டிலும் 4ஜி என்று உறுதி செய்துகொண்டு. என்னுடையது -91, அவருடையது -114. நாலைந்து தடவை பார்த்தோம். எண் கொஞ்சம் ஏறி இறங்கத்தான் செய்யும், ஆனால் இருபதுக்கு மேல் வித்தியாசம் அப்படியே நின்றது.

அடுத்து உறையைக் கழற்றினோம். கார் ஸ்டாண்டில் ஒட்ட உள்ளே ஓர் இரும்புத் தகடு வைத்திருந்தார். எடுத்ததும் -111. சாதாரண ரப்பர், பிளாஸ்டிக் உறையால் பெரிதாக ஒன்றும் ஆகாது. உலோக உறையும் இந்தத் தகடும்தான் ஆன்டெனாவை மறைக்கும். இவருக்கு எண் மூன்றுதான் ஏறியது, அப்போ காரணம் அதுவல்ல.

பிறகு சிம்களை மாற்றிப் போட்டோம். அவர் சிம் என் போனில் -92. என் சிம் அவர் போனில் -112. குறை சிம்மோடு போகவில்லை, போனிலேயே தங்கிவிட்டது. உண்மையில் சிக்னலைப் பிடிப்பது சிம் அல்ல, அது உங்களை யாரென்று நெட்வொர்க்குக்குச் சொல்லும் அடையாள அட்டை. சிம் கெட்டால் பெரும்பாலும் 'No SIM' என்று வரும், அல்லது சேவையே இருக்காது. பழைய 3ஜி காலத்து சிம்மாக இருந்தால் 4ஜி கிடைக்காமல் போகலாம். அப்படி மாற்றவே நேர்ந்தாலும், புது சிம் வேலை செய்ய ஆரம்பித்து 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. பேங்க் ஓடிபி தேவைப்படுகிற நாளில் மாற்றாதீர்கள்.

மைத்துனர் போனைத் திறந்தபோது காரணம் தெரிந்தது. பல போன்களில் மேலே உள்ள மெயின் போர்டிலிருந்து கீழே சார்ஜிங் போர்டுக்கு நூல் மாதிரி ஒரு மெல்லிய ஆன்டெனா கேபிள் ஓடும், இரண்டு முனையிலும் சட்டைப் பட்டன் போல ஒரு குட்டிப் பொத்தான். டிஸ்ப்ளேயோ பேட்டரியோ மாற்றும்போது அதைக் கழற்றுவார்கள். திரும்ப அழுத்தி மாட்டாவிட்டால், அல்லது மூடும்போது அது நசுங்கினால், போன் மற்ற எல்லாவற்றிலும் ஒழுங்காக இருக்கும், சிக்னல் மட்டும் படுத்துவிடும். வைஃபை நன்றாக வருகிறதே என்று குழம்ப வேண்டாம், அதற்குத் தனி ஆன்டெனா. அவர் போனில் கீழ்ப் பொத்தான் கழன்று கிடந்தது. அழுத்தி மாட்டியதும் -93.

நீங்களும் இதே மூன்று சோதனையைச் செய்து, எண்களைக் குறித்துக்கொண்டு, டிஸ்ப்ளே மாற்றிய பில்லோடு அதே கடைக்குப் போங்கள். 'சிக்னல் இல்லை' என்று பொதுவாகச் சொன்னால் மறுபடியும் சிம் என்பார். 'ஆன்டெனா கேபிளைப் பாருங்கள்' என்று கேளுங்கள். அவர் திறந்த போன்தானே, மாட்டிக் கொடுக்கக் காசு கேட்பது நியாயமில்லை. கேபிள் அறுந்திருந்தாலும் போன் விலையோடு பார்க்கையில் சின்னச் செலவுதான். வாங்குமுன் மனைவி போனோடு அங்கேயே ஒரு தடவை எண்ணை ஒப்பிடுங்கள்.

கேபிள் சரியாக இருந்தும் எண் ஏறவில்லையென்றால் மெயின் போர்டில் கோளாறு இருக்கலாம். அந்த வேலைக்குச் செலவு அதிகம், பலன் உறுதியில்லை. பழைய போன் என்றால் அப்போது மகன் சொல்வதைக் கேட்கலாம். பின்பக்கம் ஒட்டும் 'சிக்னல் ஸ்டிக்கர்' எதையும் வாங்காதீர்கள், அது வெறும் ஸ்டிக்கர். அதுவரை வீட்டில் வைஃபை இருந்தால் Wi-Fi calling போட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.