சிவப்பு விளக்கு எரிகிறதா, சிமிட்டுகிறதா?

பெங்களூரில் ஃபைபர் இணைப்பு வேலையில் பல காலம் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், நம் தமிழ் நண்பர்கள் குழுவில் ஒரு ஞாயிறு முழுவதும் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அதிலிருந்து.

ராமமூர்த்தி நகர்: (ஒரு புகைப்படம் மட்டும். ரூட்டர், அதில் சில விளக்குகள். எழுத்து எதுவும் இல்லை.)

இணையம் நின்றுவிட்டது என்று புரிகிறது. ஆனால் எனக்கு வேண்டிய செய்தி இந்தப் படத்தில் இல்லை. ஒளி சரியாக வரவில்லை என்று எச்சரிக்கும் LOS என்ற எழுத்துக்கு மேல் சிவப்பு தெரிகிறது, நிறுவனத்தோடு ஒளித்தொடர்பு கிடைத்ததைக் காட்டும் PON விளக்கு இருண்டிருக்கிறது. சிமிட்டும் விளக்கைப் படம் எடுத்தால், அது அணைந்திருந்த கணம் பதிவாகியிருக்கலாம், எரிந்த கணமும் பதிவாகியிருக்கலாம். PON உண்மையிலேயே இருண்டிருந்தால் ஒரு நோய், சிமிட்டிக்கொண்டிருந்தால் வேறு நோய். எனவே பத்து விநாடிக்கு வீடியோ எடுத்து அனுப்புங்கள். எப்போது நின்றது, அதற்கு முந்தைய நாள் வீட்டில் எதையாவது நகர்த்தினீர்களா என்று ஒரு வரி எழுதுங்கள். அதே நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் அண்டை வீட்டில் வருகிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படம் எடுத்து இங்கே போடாதீர்கள். வைஃபை கடவுச்சொல் பெரும்பாலும் அதில்தான் அச்சாகியிருக்கும்.

சிவாஜி நகர்: அண்ணா, இதற்கு வீடியோ எல்லாம் எதற்கு? பின்னால் உள்ள சிறு துளையில் குண்டூசியை விட்டுப் பத்து விநாடி அழுத்தினால் போதும். எனக்குச் சரியானது.

தம்பி, பாதி சரி. மின்சாரத்தை அணைத்து, அரை நிமிடம் விட்டுத் திரும்பப் போடுவதை எல்லோரும் செய்து பார்க்கலாம், கெடுதல் இல்லை. துளைக்குள் ஊசியை விடுவது வேறு வேலை. உங்கள் பெயரில் நிறுவனம் உள்ளே எழுதி வைத்த இணைப்பு விவரங்கள் அதில் அழிந்துபோகலாம். சில நிறுவனங்களின் பெட்டி அவற்றைத் தானே திரும்ப வாங்கிக்கொள்ளும், உங்களுக்கு அப்படி நடந்திருக்கும். வாங்கிக்கொள்ளாத பெட்டியாக இருந்தால், ஒரு கோளாறோடு இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். மேலும், சிவப்பு LOS என்றால் வெளியிலிருந்து ஒளியே ஒழுங்காக வரவில்லை. பெட்டிக்குள் எதை அழித்து எழுதினாலும் ஒளி வந்துவிடாது.

ராமமூர்த்தி நகர்: மன்னிக்கவும் ஐயா, அவசரத்தில் படத்தை மட்டும் அனுப்பிவிட்டேன். வீடியோ இணைத்திருக்கிறேன். நேற்று மாலை பீரோவை நகர்த்தினோம், இரவு நின்றது. எதிர் வீட்டு அக்காவுக்கும் இதே நிறுவனம்தான், அவர்களுக்கு வருகிறது.

இப்போது பேசலாம். வீடியோவில் இரண்டு விளக்குகளும் சிமிட்டுகின்றன, LOS மெதுவாக, PON வேகமாக. முதல் படத்தில் PON இருண்டு தெரிந்தது அணைந்த கணம் பிடிபட்டதால்தான். இழை முழுவதும் அறுந்திருந்தால் பல பெட்டிகளில் PON அடங்கிவிடும், LOS மட்டும் சிமிட்டும். இரண்டும் சேர்ந்து சிமிட்டினால் ஒளி வருகிறது, ஆனால் பெட்டிக்குப் போதாத அளவில் வருகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். எதிர் வீட்டில் இணையம் வருவதால், தெருவில் உள்ள முதன்மைக் கேபிளை விட்டுவிடுவோம். கோளாறு பெரும்பாலும், தெருக் கேபிளின் ஒளியை வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் உங்கள் மாடியின் பிரிப்புப் பெட்டிக்கும் உங்கள் ரூட்டருக்கும் இடையில் இருக்கும்.

வீடியோவின் எட்டாவது விநாடியில் நிறுத்திப் பாருங்கள். பீரோவின் பின்காலுக்கும் சுவருக்கும் நடுவே மஞ்சள் வயர் ஒன்று நுழைகிறது. நுழையும் இடத்தில் அது வளைந்திருக்கவில்லை, மடிந்திருக்கிறது. செப்புக் கம்பியை எப்படி மடித்தாலும் மின்சாரம் போகும். இந்த வயருக்குள் இருப்பது கண்ணாடி. அதில் ஒளி போகும் நடுப்பகுதியின் தடிமன் ஏறத்தாழ 9 மைக்ரான்தான். கூர்மையாக மடித்தால், அந்தத் திருப்பத்தில் ஒளி பக்கவாட்டில் கசிந்து வெளியேறிவிடும். வளைவைத் தாங்குவதற்கென்றே வந்த புதிய வகை இழைகளுக்கும் ஒரு சென்டிமீட்டர் ஆரம் போல வேண்டும். பழைய வகைக்கு மூன்று சென்டிமீட்டர். வளையும் இடத்தில் ஒரு டம்ளர் உட்காரும் அளவு வட்டம் இருந்தால் எந்த வகைக்கும் தொல்லை இல்லை.

பீரோவை நகர்த்தி வயரை விடுவியுங்கள். இழுக்காதீர்கள். மடிந்த இடத்தை விரலால் நீவவும் வேண்டாம். அதுவாக நிமிர விட்டுவிட்டு ஓரிரு நிமிடம் விளக்குகளைப் பாருங்கள். LOS அணைய வேண்டும், PON சிறிது நேரம் சிமிட்டிவிட்டு நிலையாக எரிய வேண்டும்.

ஜெயநகர்: எங்களுக்கும் சிவப்பு வந்தது. மாதப் பணம் கட்ட மறந்துவிட்டோம், கட்டியதும் வந்துவிட்டது. அவரும் பணம் கட்டினாரா என்று முதலில் கேளுங்கள்.

உங்கள் வீட்டில் சிவந்தது INTERNET என்ற விளக்காக இருந்திருக்கும் அம்மா. பணம் கட்டாவிட்டால் கணக்கை நிறுத்துவார்கள், அதற்காக ஒளியை நிறுத்துவது வழக்கமில்லை. PON நிலையாக எரிந்து INTERNET மட்டும் சிவந்தாலோ அணைந்தாலோ, இழை நன்றாக இருக்கிறது, நிறுவனத்தின் கணினி உங்களை உள்ளே விடவில்லை என்று அர்த்தம். கணக்கு முடிந்திருக்கலாம், பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறியிருக்கலாம், நிறுவனத்தின் பக்கமே கோளாறு இருக்கலாம். அப்போது வீட்டுக்கு ஆள் வரத் தேவையில்லை. தொலைபேசியில் தீர வேண்டியது.

எலெக்ட்ரானிக் சிட்டி: சார், எனக்கு எல்லா விளக்குகளும் ஒன்றாக அணைந்து, ஒன்றாக எரிகின்றன. நாள் முழுவதும் இப்படியே.

அடாப்டரைச் சந்தேகியுங்கள். பெட்டி திரும்பத் திரும்பத் தொடக்கத்திலிருந்து எழுந்துகொண்டிருக்கிறது. மின்வெட்டுக்காக மினி யுபிஎஸ் வைத்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேராகப் போட்டுப் பாருங்கள். மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும், பெரும்பாலும் 12. ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையக் கூடாது.

ராமமூர்த்தி நகர்: ஐயா, பச்சை வந்துவிட்டது! இணையமும் வருகிறது. என் தம்பி ரூட்டரின் 192.168.1.1 பக்கத்தைத் திறந்தான், அதில் RX Power -26.4 dBm என்று இருக்கிறது. இது நல்லதா?

நல்லதில்லை. தம்பி திறந்து பார்த்தது நல்லது.

அந்த எண் உங்கள் பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு. பூஜ்யத்திலிருந்து கீழே போகப் போக ஒளி குறைகிறது, ஒவ்வொரு 3 இறங்கும்போதும் பாதியாகிறது. வீடுகளில் -18 முதல் -24 வரை இருந்தால் நான் எழுந்து போய்விடுவேன். பெரும்பாலான பெட்டிகளுக்கு -27 தான் கடைசிப் படி. நீங்கள் அந்தப் படிக்கு மேல் அரை அடியில் நிற்கிறீர்கள். நேற்றைய மடிப்பு உங்களை விளிம்பிலிருந்து தள்ளியது உண்மை. ஆனால் விளிம்பு வரைக்கும் கொண்டுவந்தது வேறு எதுவோ. மடிந்த வயரில் கீறல் தங்கியிருக்கலாம். கனெக்டரின் முனையில் தூசி இருக்கலாம். பிரிப்புப் பெட்டியிலிருந்து வரும் வழியில் ஒரு மோசமான இணைப்பு இருக்கலாம்.

நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. ரூட்டரில் செருகியிருக்கும் கனெக்டரின் நிறத்தைப் பாருங்கள். இந்த வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் பச்சைதான் போகும். பச்சையின் முனை 8 பாகை சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலத்தின் முனை சாய்வில்லாதது. பச்சைத் துளையில் நீலத்தைச் செருகினால் உள்ளே போய்விடும், ஆனால் முகங்கள் பொருந்தாமல் நிறைய ஒளி வீணாகும். கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். கழற்ற நேர்ந்தால் முனையை விரலால் தொடாதீர்கள், கண்ணுக்கு நேராகப் பிடிக்கவும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, தெரியாததாலேயே ஆள் உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

அல்சூர்: எங்கள் மாடியில் நான்கு வீடுகள். என் வீட்டில் மட்டும் LOS. பீரோவும் நகர்த்தவில்லை, மழையும் இல்லை. முதல் நாள் பக்கத்து வீட்டுக்குப் புது இணைப்பு கொடுத்தார்கள்.

கடைசி வரியை முதல் வரியாக எழுதியிருக்கலாம் ஐயா. படிக்கட்டு அருகே உள்ள பிரிப்புப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதில் எட்டுத் துளைகள் இருந்தால் எட்டு வீடுகளுக்குத்தான் இடம். இடம் நிரம்பியிருந்தால், புதியவருக்குக் கொடுப்பதற்காக யாருடையதையோ பிடுங்கிவிட்டுப் போவது நம் ஊரில் நடக்கிறது. ஒரு வயர் செருகப்படாமல் தொங்கினால் அது உங்களுடையதாக இருக்கலாம். நீங்களாகச் செருகிப் பார்க்க வேண்டாம், இன்னொரு வீட்டை அணைத்துவிடுவீர்கள்.

மாரத்தஹள்ளி: எல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால் படுக்கையறையில் வீடியோ நின்று நின்று ஓடுகிறது. ஃபைபரை மாற்றச் சொல்லவா?

வேண்டாம். ரூட்டர் பக்கத்தில் நின்று பாருங்கள். அங்கே நன்றாக ஓடினால் அது வைஃபையும் சுவரும் சம்பந்தப்பட்ட விஷயம்.

ராமமூர்த்தி நகர்: ஐயா, கனெக்டர் பச்சைதான். காலையில் -26.1, பிற்பகலில் -27.3 காட்டி இணையம் நின்றது, இப்போது இரவில் திரும்ப வந்திருக்கிறது. வீட்டுக்குள் யாரும் எதையும் தொடவில்லை. ஏன் இப்படி?

இங்கிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. வயர் மொட்டை மாடி வழியாக வருகிறதா? வந்தால், வெயிலில் ஏதோ ஓர் இணைப்பு விலகி, குளிர்ந்ததும் கூடுகிறது என்று ஊகிப்பேன். இழைகளை உருக்கி ஒட்டாமல், கையால் அழுத்திப் பூட்டும் கனெக்டரைப் போட்டிருந்தால் காலப்போக்கில் அப்படி ஆவதுண்டு. இங்கே மரத்திலிருந்து மரத்துக்குக் கட்டித் தொங்கும் கேபிள் காற்றில் ஆடி இழுபடுவதாலும் ஆகலாம்.

புகார் கொடுக்கும்போது "இணையம் வரவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆள் வரும் நேரத்தில் பச்சை எரிந்தால், சரியாகிவிட்டது என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். இந்த எண்களை நேரத்தோடு சொல்லுங்கள், பிற்பகலில் வரச் சொல்லுங்கள். ஒளியளவு காட்டும் பவர் மீட்டரை முதலில் பிரிப்புப் பெட்டியில் வைத்து அளக்கட்டும், பிறகு உங்கள் முனையில். அங்கே -20, இங்கே -27 என்றால் நடுவில் உள்ள வயரை மாற்ற வேண்டும். அங்கேயே -26 என்றால் உங்கள் வீட்டில் அவருக்கு வேலை இல்லை, முன்னால் உள்ள இணைப்பைத் தேட வேண்டும். அளந்த இரண்டு எண்களையும் இங்கே எழுதுங்கள்.