சிரோசிஸ் நோயாளிக்குப் பருப்பையும் முட்டையையும் நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ் நோய். வயிற்றில் நீர் கோத்திருக்கிறது, காலிலும் வீக்கம். எடை 68 கிலோ. போன மாதம் ஒருநாள் ஆள் அடையாளம் தெரியாமல் குழம்பிப்போய், ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சரியானது. அதிலிருந்து பருப்பு, முட்டை, பால் எதுவும் கொடுப்பதில்லை. உப்பில்லாத இட்லி, ரசம் சோறு, கஞ்சிதான். இரவு ஏழரைக்குச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். கை கால் குச்சியாகிக்கொண்டே வருகிறது. புரதம் கொடுத்தால் மறுபடி குழப்பம் வருமா?

பதில்: கொடுங்கள், இன்றைக்கே ஆரம்பியுங்கள். அவர் கை கால் மெலிவதற்கு நோய் ஒரு காரணம், இந்தச் சாப்பாடு இன்னொரு காரணம்.

புரதத்தின் மீதான பயம் பழையது. 1893இல் ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவும் அவருடன் இருந்தவர்களும், கல்லீரலுக்குப் போக வேண்டிய ரத்தம் வேறு வழியில் திருப்பிவிடப்பட்ட நாய்கள் இறைச்சி தின்றதும் தடுமாறியதைக் கண்டார்கள். புரதம் செரிக்கும்போது அம்மோனியா உண்டாகிறது, கெட்டுப்போன கல்லீரலால் அதை அகற்ற முடியாது, அது மூளையைத் தாக்குகிறது, ஆகவே புரதத்தைக் குறை என்று பல பத்தாண்டுகள் சொல்லிவந்தார்கள். இந்தக் கணக்கில் தசை விடுபட்டுவிட்டது. கல்லீரல் தளரும்போது ரத்தத்திலுள்ள அம்மோனியாவைப் பிடித்து குளுட்டமினாக மாற்றிவைக்கும் வேலையில் பெரும்பங்கு தசைக்கு வந்துவிடுகிறது. புரதத்தை நிறுத்தினால் உடல் தன் தசையையே கரைத்துத் தின்னும். அப்படிக் கரைவதிலும் அம்மோனியா வரும், அதை வாங்கிக்கொள்ளத் தசையும் இருக்காது. 2004இல் பார்சலோனாவில் குழப்ப நிலையில் சேர்க்கப்பட்டவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் குறைந்த புரதமும் மற்றதற்கு இயல்பான அளவும் கொடுத்துப் பார்த்தார்கள். குழப்பம் தெளிவதில் வேறுபாடு இல்லை. புரதம் குறைத்தவர்களுக்கு உடல் புரதம் சிதைவதுதான் கூடியது.

அப்படியானால் குழப்பம் எதனால் வருகிறது? பெரும்பாலும் மலச்சிக்கல், கிருமித்தொற்று, வயிற்றுக்குள் ரத்தக்கசிவு, நீர் பிரியும் மாத்திரையால் உடல் வறண்டுபோவது, பொட்டாசியம் இறங்குவது, தூக்க மாத்திரை. போன மாதம் இவற்றில் எது நடந்தது என்று டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்துக் கேளுங்கள். லாக்டுலோஸ் சிரப் எழுதியிருந்தால், நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகலாக மலம் போகிற அளவு கொடுப்பதுதான் குறி. ஐந்தாறு முறை தண்ணீராகப் போனால் அளவு அதிகம் என்று பொருள். அந்த வறட்சியே குழப்பத்தைக் கொண்டுவரும்.

இப்போது அப்பாவின் கணக்கு. 68 கிலோவில் நீரின் எடையும் இருக்கிறது. வயிற்று நீர் மிதமாக இருந்தால் 10 சதவீதமும், கால் வீக்கத்துக்கு இன்னும் 5 சதவீதமும் கழிப்பது வழக்கம். கழித்தால் ஏறக்குறைய 58 கிலோ. கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்றால் ஒரு நாளைக்கு 70 முதல் 87 கிராம். இப்போது அவர் சாப்பிடுவதைக் கூட்டினால் 20 கிராம் வந்தாலே அதிகம்.

இந்த அளவை வீட்டுச் சாப்பாட்டிலேயே எட்டலாம். விடிந்ததும் ஒரு டம்ளர் பால், 200 மில்லி, 6 கிராம். காலையில் மூன்று இட்லி, கெட்டியான சாம்பார், ஒரு முட்டை, 16 கிராம். பதினோரு மணிக்கு ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டல், 6 கிராம். மதியம் 100 கிராம் அரிசிச் சோறு, 30 கிராம் துவரம்பருப்பு வேகவைத்தது, ஒரு காய், ஒரு கிண்ணம் தயிர், 21 கிராம். மாலை பொட்டுக்கடலை 25 கிராம், அதில் 5. இரவு இரண்டு சப்பாத்தியும் பாசிப்பருப்புக் கூட்டும், 12 கிராம். படுக்கப்போகும் முன் பாலில் காய்ச்சிய சத்துமாவுக் கஞ்சி, 11 கிராம். மொத்தம் 77. கோழியோ மீனோ சாப்பிடுகிறவர் என்றால் பருப்புக்குப் பதில் ஒரு வேளை சேர்க்கலாம். ஆனால் குழப்பம் வந்துபோனவர்களுக்குப் பருப்பும் பால் பொருள்களும் இறைச்சியைவிட நன்றாக ஒத்துப்போகின்றன. பருப்பில் உள்ள நார் மலத்தையும் இளக்குகிறது.

கடைசியாகச் சொன்ன கஞ்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நலமாயிருப்பவர் இரவில் பட்டினி கிடந்தால் கல்லீரலில் சேமித்த கிளைக்கோஜன் சர்க்கரையாக மாறி விடியும்வரை தாங்கும். சிரோசிஸில் அந்தச் சேமிப்பு மிகக் குறைவு. அதனால் ஒரே இரவுப் பட்டினி, மற்றவர்கள் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்ததுபோல் உடலைக் கொண்டுபோய் நிறுத்தும். தசை கரைந்துதான் சர்க்கரை வர வேண்டும். உங்கள் அப்பா ஏழரைக்குச் சாப்பிட்டால் காலை எட்டு மணிவரை பன்னிரண்டரை மணி நேரம். நியூசிலாந்தில் ஓராண்டு நடந்த ஆய்வில் ஒரே அளவு சத்துணவுப் பானத்தைச் சிலருக்கு இரவிலும் சிலருக்குப் பகலிலும் கொடுத்தார்கள். உடல் புரதம் கூடியது இரவில் குடித்தவர்களுக்குத்தான்.

பத்து மணிக்குக் கொடுங்கள். 40 கிராம் சத்துமாவு, 200 மில்லி பால், இரண்டு தேக்கரண்டி சர்க்கரை சேர்த்தால் மாவுச்சத்து சுமார் 50 கிராம் வரும், அதுதான் தேவையான அளவு. சர்க்கரை நோய் இருந்தால் சர்க்கரையை விட்டுவிட்டு மாவைச் சற்றுக் கூட்டுங்கள், இன்சுலின் அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். பகலிலும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறாக இருக்கவிட வேண்டாம்.

உப்பு விஷயத்தில் நீங்கள் வேண்டிய அளவைத் தாண்டிக் கடுமையாக இருக்கிறீர்கள். வயிற்றில் நீர் இருக்கும்போது நாளுக்கு 5 கிராம் உப்பு, அதாவது சோடியம் 2 கிராம் என்பதே எல்லை. உப்பே இல்லாமல் கொடுத்தால் அவர் பாதித் தட்டோடு எழுந்துவிடுவார், புரதமும் அங்கேயே நின்றுவிடும். பாலிலும் காய்களிலும் இயற்கையாகவே கொஞ்சம் சோடியம் இருப்பதால், முக்கால் தேக்கரண்டி உப்பைத் தலைதட்டி அளந்து காலையில் ஒரு சிறு டப்பாவில் போட்டுவையுங்கள். அவருக்கான அன்றைய உப்பு அவ்வளவுதான். சமையலில் போடாமல் தட்டில் தூவினால் அதே உப்பு நாக்கில் கூடுதலாகத் தெரியும். எலுமிச்சை, மிளகு, கொத்தமல்லி, புளி தாராளமாகச் சேர்க்கலாம். இட்லி மாவில் அவருக்கென்று ஒரு பங்கை உப்புப் போடும் முன்பே எடுத்துவையுங்கள். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, பாக்கெட் சிப்ஸ், பொங்கும் ஆன்டாசிட் பொடி ஆகியவை வேண்டாம். இந்துப்பும் உப்புதான். ‘லோ சோடியம்’ உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. நீரைப் பிரித்துப் பொட்டாசியத்தை உடலில் தேக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது இதயத் துடிப்பையே குலைக்கும், வாங்கவே வேண்டாம்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும் எடை பாருங்கள். இரண்டு நாளில் ஒரு கிலோ ஏறினால் நீர் ஏறுகிறது, உப்பு எங்கோ உள்ளே வருகிறது. எடை அப்படியே இருந்து, மேற்கையும் நெற்றிப்பொட்டும் குழிந்தால் நீருக்கு அடியில் தசை போய்க்கொண்டிருக்கிறது.

இரவெல்லாம் விழித்துப் பகலில் தூங்குவது, கையெழுத்து கோணுவது, கைகளை நீட்டி உள்ளங்கையை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று விழுவது ஆகியவை தெரிந்தால் பருப்பை நிறுத்தாமல் டாக்டரிடம் போங்கள். ஆள் மந்தமாகி விழுங்கத் தடுமாறினால் மட்டும் வாய்வழியே எதுவும் கொடுக்காமல், புரையேறும் என்பதால், அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள்.